கை எக்ஸ்ரேயில் "எலும்பு வயது 12" என்று வந்தால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பையனுக்கு 14 முடிந்துவிட்டது, ரிப்போர்ட்டில் எலும்பு வயது 12 என்று போட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

குள்ளமாக இருக்கிறான் என்று கூட்டிக்கொண்டு போன பையனுக்கு இப்படி வந்தால், பெரும்பாலும் அது ஆறுதலான செய்திதான். அவன் உடம்பு இன்னும் 12 வயதுப் பையனின் உடம்பாக நடந்துகொண்டிருக்கிறது, அதாவது மற்ற பையன்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்ட இரண்டு வருட வளர்ச்சி இவனிடம் இன்னும் கையிருப்பில் இருக்கிறது. "பெரும்பாலும்" என்று ஏன் இழுக்கிறேன் என்றால், எலும்பு பின்தங்குவதற்குச் சாதாரணக் காரணமும் உண்டு, நோயும் காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே பின்தங்கியிருப்பதைக் காட்டும், ஏன் என்று சொல்லாது. அந்த இடத்துக்குக் கீழே வருகிறேன்.

உயரத்தைப் பார்க்க ஏன் கையைப் படம் எடுக்கிறார்கள்? கால் எலும்பு அல்லவா வளர வேண்டும்?

நியாயமான கேள்வி. உயரம் கூடுவது முக்கியமாகத் தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் முதுகிலும்தான். ஆனால் எல்லா எலும்புக்கும் ஒரே ரத்தத்தில் ஒரே ஹார்மோன்தான் போகிறது, அதனால் ஓரிடத்தைப் பார்த்து மற்ற இடத்தை ஊகிக்கலாம். கையில் உள்ள வசதி என்னவென்றால், ஒரே சின்னப் படத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வளரும் முனைகள் வந்துவிடும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில் மாறும். இடது கையை எடுப்பது வழக்கம். பெரும்பாலோருக்கு வலது கைதான் அதிகம் அடிபடும், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் படங்கள் எல்லாமே இடது கைப் படங்கள்.

இரண்டு வயதுக்கும் குறைவான குழந்தைக்குக் கையில் பார்க்க அதிகம் இருக்காது, அப்போது முழங்காலைப் பார்ப்பதும் உண்டு.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் தெரிகிறது? எங்களுக்கு வெறும் எலும்பாகத்தான் தெரிகிறது.

வெள்ளையாகத் தெரிகிற எலும்பை விட்டுவிட்டு, நடுவில் உள்ள கறுப்பு இடைவெளிகளைப் பாருங்கள். குழந்தையின் எலும்பு பாதி குருத்தெலும்பு, குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் ஒவ்வொரு விரல் எலும்பின் அடியிலும் ஒரு சின்ன வெள்ளை வில்லை தனியாக மிதப்பது போல இருக்கும், அதற்கும் எலும்புத் தண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. அங்கேதான் புது எலும்பு உருவாகிறது.

கைக்குழந்தைக்கு மணிக்கட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிகள் தோன்றும், ஒரு வயதை ஒட்டி முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ஆர எலும்பின் நுனியில் ஒரு பொட்டு வரும், அப்புறம் ஒவ்வொன்றாக மணிக்கட்டுக் கற்கள், அதாவது அங்கே உள்ள சின்னச் சின்ன எலும்புகள், முளைக்கும். பள்ளி வயதில் பார்க்கிற விஷயம் வேறு: மிதக்கும் அந்தச் சின்ன வில்லை எவ்வளவு அகலமாகிவிட்டது? முதலில் அது எலும்புத் தண்டைவிடக் குறுகலாக இருக்கும். பிறகு அதே அகலத்துக்கு வரும். பருவம் வந்து வேகமாக வளரும்போது வில்லையின் ஓரங்கள் கீழே மடிந்து, தண்டின் மேல் தொப்பி கவிழ்த்தது போல ஆகும். கடைசியில் கறுப்புக் கோடு மறைந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. விரல் நுனி எலும்புகள் முதலில், மணிக்கட்டுக்கு மேலே உள்ள ஆர எலும்பு கடைசியில்.

இன்னொரு அடையாளம் எனக்குப் பிடித்தமானது. கட்டைவிரலின் அடி மூட்டுப் பக்கத்தில், மிளகு மாதிரி ஒரு குட்டி எலும்பு. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 11 எலும்பு வயதிலும் பையன்களுக்குச் சுமார் 13 எலும்பு வயதிலும் அது தோன்றும். அது தெரிந்தால் வேக வளர்ச்சி தொடங்கிவிட்டது அல்லது வாசலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வயதை எப்படி எண்ணாக்குகிறார்கள்? அளந்தா பார்க்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் அளப்பதில்லை, ஒப்பிடுகிறார்கள். கிரூலிச், பைல் என்ற இருவர் 1950-இல் வெளியிட்டு 1959-இல் திருத்திய ஒரு படத் தொகுப்பு இருக்கிறது. பையன்களுக்குத் தனி வரிசை, பெண்களுக்குத் தனி வரிசை, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு மாதிரிக் கை. உங்கள் பிள்ளையின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் புரட்டி, எது மிக நெருங்கி வருகிறதோ அந்த வயதை எழுதுவோம். மணிக்கட்டுக் கற்களைவிட விரல்களுக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன், கற்கள் கொஞ்சம் இஷ்டத்துக்கு முந்திப் பிந்தி வரும்.

இன்னொரு முறை டானர்–ஒயிட்ஹவுஸ். அதில் ஒவ்வொரு எலும்பாகப் பார்த்து அதன் நிலைக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டி வயதைக் கண்டுபிடிப்பார்கள். நேரம் அதிகமாகும், ஆனால் கண்ணளவு வித்தியாசம் குறையும். இரண்டு முறையும் எப்போதும் ஒரே விடையைத் தராது. அதனால் போன வருடம் ஒரு முறையிலும் இந்த வருடம் இன்னொரு முறையிலும் படித்துவிட்டு "ஒரே வருடத்தில் எலும்பு வயது ரொம்ப ஏறிவிட்டதே" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

சரி, எலும்பு வயது 12 என்றால் கடைசியில் எவ்வளவு உயரம் வருவான்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

ஒரு பையனை வைத்தே போடுவோம். வயது 14 வருடம் 2 மாதம். உயரம் 143 செ.மீ., வகுப்பில் முதல் வரிசை. அப்பா 170, அம்மா 156.

முதலில் குடும்ப அளவு. பையனுக்கு அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி 13 சேர்த்து இரண்டால் வகுப்பார்கள் (பெண்ணுக்கு 13-ஐக் கழித்து வகுக்க வேண்டும்). 170-உம் 156-உம் 326, அதோடு 13 சேர்த்தால் 339, பாதி 169.5. இது மரபுப்படி எதிர்பார்க்கும் நடுப்புள்ளி, அவ்வளவுதான். அதிலிருந்து மேலேயும் கீழேயும் எட்டு செ.மீ. வரை சாதாரணமாகப் போகும்.

இப்போது எக்ஸ்ரே. கட்டைவிரல் பக்கத்து மிளகு எலும்பு இன்னும் வரவில்லை. விரல் வில்லைகள் தண்டின் அகலத்துக்கு வந்திருக்கின்றன, ஆனால் ஓரம் மடியவில்லை. எதுவும் ஒட்டவில்லை. எலும்பு வயது 12.

பேலி–பின்னோ என்ற இருவர் 1952-இல் போட்ட அட்டவணை, ஒவ்வொரு எலும்பு வயதிலும் பிள்ளை தன் முழு உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருப்பான் என்று சொல்லும். எலும்பு ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கிய பையனுக்கு, எலும்பு வயது 12-இல் அது சுமார் 84.5 சதவீதம். 143-ஐ 0.845-ஆல் வகுத்தால் 169 செ.மீ. வரும். குடும்ப அளவோடு கிட்டத்தட்ட பொருந்துகிறது, இப்படிப் பொருந்தும்போது மனம் கொஞ்சம் நிம்மதியாகும்.

இதே பையன், இதே 143, ஆனால் படத்தில் எலும்பு வயது 14 என்றால் கதையே வேறு. அப்போது அவன் முழு உயரத்தில் சுமார் 92.7 சதவீதத்தை முடித்துவிட்டான், கணக்கு 154-இல் நிற்கும். வெளியே பார்த்தால் இரண்டு பையன்களும் ஒரே உயரம்தான். வித்தியாசம் படத்தில்தான் தெரிகிறது.

அப்படியானால் 169 உறுதியா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு பேர் படித்தால் அரை வருடம், சில நேரம் ஒரு வருடம்கூட வித்தியாசம் வரும். மேலே உள்ள பையனையே இன்னொருவர் 13 என்று படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் சுமார் 88 சதவீதம், விடை 162 செ.மீ. ஒரு வருடம் தவறினால் ஏழு செ.மீ. போய்விட்டது! எலும்பு வயதைச் சரியாகப் படித்தாலும் கணிப்பு சுமார் ஐந்து செ.மீ. மேலேயோ கீழேயோ போவது சகஜம். எனவே 169 என்று ஒரு எண்ணைச் சுவரில் எழுதி வைக்காதீர்கள். "160-களின் நடுவிலிருந்து 170-களின் முன்பகுதி வரை" என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பின்தங்கிய எலும்பு உள்ள பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை சில நேரம் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிவிடும், அதையும் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த மாதிரிப் படங்கள் 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எடுத்தவை. உலகத்தின் எல்லாக் குழந்தைகளும் அதே கடிகாரத்தில் ஓடுவார்கள் என்று நம்ப முடியாது. பயன்படாது என்று சொல்லவில்லை, மாதக் கணக்கில் துல்லியம் தேடாதீர்கள் என்கிறேன்.

இரண்டு வருடம் பின்தங்குவது இயல்புக்குள் வருமா?

ஓரத்தில் வரும். இந்த வயதுப் பையன்களில் எலும்பு வயது சராசரியிலிருந்து இரண்டு வருடம் வரை முன்னும் பின்னும் போவதை இயல்பான விரிவு என்று எடுத்துக்கொள்வார்கள். 2 வருடம் 2 மாதம் என்பது அந்த வேலியை லேசாகத் தாண்டியது. அதனால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது, ஆனால் "விடுங்கள், வளர்ந்துவிடுவான்" என்று கேட்காமலே அனுப்பிவிடவும் கூடாது.

அப்படியென்றால் பின்தங்கியதற்குக் காரணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்?

மிகச் சாதாரணமான காரணம் "தாமதமாக மலர்பவர்கள்". அப்பாவைக் கேட்டால், "நானும் பத்தாம் வகுப்பு வரை குள்ளம்தான், கல்லூரிக்குப் போய்த்தான் வளர்ந்தேன்" என்பார். அம்மா தாமதமாகப் பூப்பெய்தியிருப்பார். இந்தப் பிள்ளைகள் குள்ளமாக இருந்தாலும் வருடா வருடம் ஒழுங்காக ஏறிக்கொண்டே இருப்பார்கள், எலும்பு வயது அவர்களின் உயரத்துக்கு ஏற்றதாக இருக்கும்.

இங்கே உயரத்தைவிட வேகம் முக்கியம். பருவத்துக்கு முந்திய பிள்ளை வருடத்துக்குச் சுமார் 4-லிருந்து 6 செ.மீ. வளர வேண்டும், நாலுக்குக் கீழே விழுந்தால் தேட வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், நாள்பட்ட சிறுநீரக அல்லது குடல் நோய், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, இவை எல்லாமே எலும்பைப் பின்தள்ளும். ரத்தப் பரிசோதனை இதற்காகத்தான். எக்ஸ்ரேயை வைத்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது.

நம் பையன் போன வருடம் 4.5 செ.மீ. வளர்ந்திருந்தான், தைராய்டு சரி, எடை குறையவில்லை. பரிசோதித்தபோது விரைகள் 5 மி.லி. அளவு இருந்தன (மர மணிகளை அளவு வாரியாகக் கோர்த்த ஒரு மாலை உண்டு, அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பையன்கள் கூச்சப்படுவார்கள், ஆனால் ஒரு நிமிட வேலை). 4 மி.லி. எட்டிவிட்டாலே பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். எலும்பும் உடம்பும் ஒரே கதையைச் சொல்கின்றன. 14 வயது முடிந்தும் 4 மி.லி.யைத் தொடவில்லை என்றால் பருவத் தாமதம் என்று தனியாக விசாரிப்பார்கள்.

எங்கள் பெண்ணுக்கு நேர்மாறாக, 8 வயதில் எலும்பு வயது 10 என்கிறார்கள். வகுப்பிலேயே உயரம் அவள்தான், பிறகென்ன கவலை?

இப்போது உயரம், அவ்வளவுதான். அவள் முன்பணம் வாங்கிச் செலவழிக்கிறாள். எடை கூடிய பிள்ளைகளிடம் எலும்பு லேசாக முந்துவது அடிக்கடி பார்ப்பது, அதற்குப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் 8 வயதுக்கு முன்பே மார்பக வளர்ச்சி தொடங்கியிருந்தால் அது முன்கூட்டி வரும் பருவம், அதைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். சிகிச்சையால் நிறுத்திவைத்தால் மீதமுள்ள வளர்ச்சியைக் காப்பாற்ற முடிகிற வாய்ப்பு ஆரம்பத்தில்தான் அதிகம்.

பெண்களுக்கும் பையன்களுக்கும் ஒரே எண்ணை ஒரே பொருளில் படிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு வயது 12 என்றால் பையன் முழு உயரத்தில் சுமார் 83-84 சதவீதம், பெண் சுமார் 92 சதவீதம். பெண் பிள்ளைக்குப் பூப்பெய்துவது பெரும்பாலும் எலும்பு வயது 13-ஐ ஒட்டி நடக்கிறது. அதற்குப் பிறகு வளர்ச்சி முற்றிலும் நிற்காது, ஆனால் மிச்சம் சில செ.மீ. மட்டுமே.

வளர்ச்சித் தட்டு மூடிவிட்டது என்றால் மருந்து, தொங்குவது, பொடி எதுவும் உதவாதா?

உதவாது. ஒட்டிய தட்டை எதுவும் திறக்காது. வளர்ச்சி ஹார்மோன் ஊசிகூடத் தட்டு திறந்திருக்கும்போதுதான் உயரம் கூட்டும். கையில் கடைசியாக ஆர எலும்பு மூடிய பிறகும் முதுகில் சொற்பம் கூடலாம், அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மூடுவது எதனால் என்பது சுவாரசியமான விஷயம். பையன்களிலும் தட்டை மூடுவது பெண் ஹார்மோன் என்று நாம் அழைக்கும் ஈஸ்ட்ரோஜன்தான், டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி அவர்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. 1994-இல் மருத்துவ இதழில் ஒரு 28 வயது ஆணைப் பற்றி எழுதினார்கள். ஈஸ்ட்ரோஜனுக்கு அவர் உடம்பு பதிலே சொல்லாது. உயரம் 204 செ.மீ., எலும்பு வயது 15, தட்டுகள் திறந்தே இருந்தன, அந்த வயதிலும் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தார்.

படம் சரியாக எடுக்கப்பட்டதா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

இடது கை என்று குறியிட்டிருக்க வேண்டும். உள்ளங்கை தட்டையாகக் கீழே, விரல்கள் லேசாக விரிந்து நேராக இருக்க வேண்டும், மணிக்கட்டுக்கு மேல் முன்கை எலும்புகளின் நுனி இரண்டு மூன்று செ.மீ.யாவது தெரிய வேண்டும். விரல் மடங்கியிருந்தால் எலும்பு மேல் எலும்பு விழுந்து கறுப்புக் கோடு மறைந்துவிடும், மூடாத தட்டு மூடியது போலத் தெரியும். இப்படி எடுத்த ஒரு படத்தை நானே 15 என்று படித்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி எடுக்கச் சொன்னபோது 13-ஆக இருந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் எண் மட்டும் இருந்தால் போதாது, எந்த முறை, பிள்ளையின் உண்மை வயது என்ன, எவ்வளவு விலகல் என்பதும் இருக்க வேண்டும். பிறந்த தேதி தப்பாகப் பதிவாகி ஒரு குழந்தையே "இரண்டு வருடம் பின்தங்கி"ப் போன சம்பவங்கள் உண்டு.

கதிர்வீச்சு பயமாக இருக்கிறது.

கை உடம்பிலிருந்து தள்ளி இருக்கிறது, அளவும் மிகச் சிறியது. இயற்கையில் நாம் ஒரு நாளில் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சைவிடக் குறைவு. கவலைப்பட வேண்டியது அளவைப் பற்றியல்ல, தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுப்பதைப் பற்றி.

விளையாட்டுப் போட்டிக்கு வயதை நிரூபிக்க இந்தப் படம் போதுமா?

போதாது. மேலே சொன்ன இரண்டு வருட விரிவை நினைத்துப் பாருங்கள். நம் பையனை இந்தப் படத்தை வைத்து அளந்தால் 12 வயதுக்காரன் என்று சேர்த்துக்கொள்வார்கள், அவனுக்கு 14. முன்கூட்டி வளர்ந்த இன்னொருவனை நேர்மையான பிறப்புச் சான்றிதழோடு வெளியே தள்ளிவிடுவார்கள். எலும்பு முதிர்ச்சியைத்தான் படம் சொல்கிறது, பிறந்த நாளை அல்ல.

மறுபடி எப்போது எடுக்கலாம்?

ஆறு மாதம் ஆவதற்குள் எடுத்தால் படிப்பவரின் கைப்பிழைதான் தெரியும், மாற்றம் தெரியாது. ஒரு வருடம் கழித்து, அதே முறையில், முடிந்தால் அதே ஆளிடம் படிக்கச் சொல்லுங்கள், பழைய படத்தையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். இடையில் மூன்று மாதத்துக்கொருமுறை வீட்டுச் சுவரில் காலையில் செருப்பில்லாமல் அளந்து குறித்து வைத்தால் அதுவே பாதி வேலை.

நம் பையனை 15 வயது 2 மாதத்தில் மறுபடி பார்த்தபோது உயரம் 150, ஒரு வருடத்தில் 7 செ.மீ. படத்தில் கட்டைவிரல் பக்கத்தில் அந்த மிளகு வந்திருந்தது, எலும்பு வயது 13. 150-ஐ 0.88-ஆல் வகுத்தால் 170. போன வருடக் கணக்கு 169, இந்த வருடம் 170. எலும்பு ஒரு வருடம் நகர்ந்ததற்கு ஏற்ற உயரமும் கூடியிருக்கிறது, கையிருப்பு வீணாகக் கரையவில்லை. அவன் அம்மா சட்டை வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள் என்றேன்.